வெறும் 'ஹாய்'



இன்று எழுதப்போவது மிகச் சின்ன விஷயம். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவருக்கு டீம்ஸிலோ ஸ்லாக்கிலோ வாட்ஸ்அப்பிலோ "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டு, அவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பது பற்றி. இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் கடந்த சில மாதங்களில் என் பழைய மாணவர்கள் இரண்டு பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், இதே விஷயத்தை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலாமவர் பெங்களூரில் ஒரு குழுவுக்குத் தலைவி. "ஐயா, காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஐந்தாறு பேர் வரிசையாக ஹாய், ஹாய் மேடம், குட் மார்னிங் என்று நிற்கிறார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. எரிச்சலாக வருகிறது. வணக்கம் சொன்னதற்கு எரிச்சல்பட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். நான் என்ன செய்ய?" என்றார்.

இரண்டாமவன் சிறுவன். 2019-ல் நம் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன், முதல் வேலை. ஒரு சந்தேகம் கேட்பதற்காகத் தன் சீனியருக்கு "ஹாய் சார்" என்று அனுப்பியிருக்கிறான். பதிலாக வந்தது ஒரே ஒரு இணைய முகவரி: nohello.net. திறந்து பார்த்தால், சாட்டில் வெறும் வணக்கம் மட்டும் அனுப்பாதீர்கள், கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள் என்று சொல்லும் பக்கம். "வணக்கம் சொன்னது ஒரு தப்பா ஐயா?" என்று என்னிடம் கேட்டான்.

தப்பில்லை. வணக்கம் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டதில்தான் சிக்கல். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க" என்கிறோம். அவரும் "எல்லாரும் சௌக்கியமா?" என்கிறார். காபி வந்த பிறகுதான் வந்த விஷயம் வெளியே வரும். வந்ததும் வராததுமாக விஷயத்தைக் கேட்டால் மரியாதை இல்லாதவன் என்போம். அந்தப் பழக்கம் நம் ரத்தத்தில் ஊறியது. அதே பழக்கத்தோடுதான் நம் பிள்ளைகள் சாட்டிலும் முதலில் "ஹாய்" சொல்கிறார்கள். எடுத்த எடுப்பில் வேலையைச் சொல்லக் கூச்சம். அவர் வேறு வேலையில் இருப்பாரோ என்ற தயக்கம். இதெல்லாம் நல்ல வளர்ப்பின் அடையாளம்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்தவர் நம் கண் முன்னால் இருக்கிறார். "சௌக்கியமா" என்றதற்குப் பதில் இரண்டு நொடியில் கிடைத்துவிடும். நாம் கையில் கரண்டியோடு நிற்கிறோமா, வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறோமா என்பது அவருக்குத் தெரியும். சாட்டில் அப்படி இல்லை. பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தாலும், அந்த ஆள் கூட்டத்தில் இருக்கிறாரா, கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, சாப்பிடப் போய்விட்டாரா என்று தெரியாது. வணக்கத்துக்கும் விஷயத்துக்கும் நடுவில் இரண்டு நொடி ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம்.

தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். இமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தொலைபேசிப் பேச்சை மனிதர்கள் எப்படித் தொடங்குகிறார்கள் என்று ஆராய்ந்து 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். காவல்துறைக்கு வந்த சுமார் 500 அழைப்புகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி. அவர் சொன்னதன் சாரம் இது. தொலைபேசி மணி அடிப்பதே ஓர் 'அழைப்பு', வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. எடுத்தவர் "ஹலோ" என்பது அந்த அழைப்புக்குப் பதில். பதில் வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரு கடமை வந்துவிடுகிறது. கூப்பிட்டவர் எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். பதில் சொன்னவர் இருந்து கேட்க வேண்டும். "என்ன?" என்று கேட்டுவிட்டு நடந்துபோக முடியாது.

இதை அப்படியே சாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் எதை அனுப்பினாலும் அவர் கணினியில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, மூலையில் உங்கள் பெயர் வந்து நிற்கிறது. அழைப்பு அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகும் உள்ளே "ஹாய்" மட்டும் இருந்தால், கதவைத் திறந்தவரிடம் மறுபடி ஒருமுறை மணியை அடித்துக் காட்டுவது போலத்தான். அதுமட்டுமல்ல. அவர் "ஹாய், சொல்லுங்க" என்று பதில் போட்டுவிட்டால், என்ன விஷயம், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமலே இருந்து கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது. இரண்டு நிமிட சந்தேகமா, இரண்டு மணி நேர வேலையா? கேட்கப்போவது உதவியா, கடனா, புகாரா? தெரியாது. பெங்களூர் மாணவியின் எரிச்சலுக்கு வேர் இதுதான். வணக்கத்தின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. எதற்கு என்று தெரியாத ஒன்றுக்குத் தலையாட்டச் சொல்வதுதான் அவரை உறுத்துகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. அவர் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு "ஹாய்" என்று பதில் போடுகிறார். திரையில் எதிராளி தட்டச்சு செய்வதைக் காட்டும் மூன்று புள்ளிகள் ஆடுகின்றன, நிற்கின்றன, மறுபடி ஆடுகின்றன. காத்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. வேலைக்குத் திரும்புகிறார். ஐந்து நிமிடத்தில் கேள்வி வந்து விழுகிறது. மறுபடி நிறுத்த வேண்டும். ஒரு கேள்விக்கு இரண்டு தடங்கல். முடிக்காத வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதியிருக்கிறார். இதை ஆராய்ச்சி செய்துதான் அறிய வேண்டும் என்பதில்லை. விடைத்தாள் கூட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து கூட்டிய எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

இப்போது ஓர் உதாரணத்தைக் கடிகாரம் வைத்துப் பார்ப்போம். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கும் பையன், கிடங்கில் இருக்கும் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். நாற்காலிக்கு ஆர்டர் கொடுத்தது 40, வந்திருக்கும் பில்லில் 42 என்று இருக்கிறது. உண்மையில் எத்தனை வந்து இறங்கியது? அன்றைய பணப் பட்டுவாடா பட்டியல் 3 மணிக்கு மூடப்படும்.

காலை 10.40-க்கு "ஹாய் அண்ணா" என்று அனுப்புகிறான். அண்ணன் லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார். 11.15-க்குப் பார்த்து "சொல்லுப்பா" என்கிறார். அதற்குள் இவன் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டான். 12.35-க்கு வந்து "ஒரு பில் பத்திக் கேக்கணும்ணா" என்கிறான். அவர் சாப்பிடப் போயாயிற்று. 2 மணிக்கு "எந்த பில்?" என்கிறார். இவன் நாற்காலி விவரத்தை எழுதுகிறான். அவர் பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்து "40தான் வந்துச்சு" என்று சொல்லும்போது மணி 3.20. பட்டியல் மூடியாயிற்று. இரண்டு பேரும் சோம்பேறிகள் இல்லை. இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் வேலை நடக்கவில்லை.

அதே 10.40-க்கு இப்படி அனுப்பியிருந்தால்?

"வணக்கம் அண்ணா. போன வாரம் வந்த நாற்காலி பில்லில் 42 என்று இருக்கிறது, நம் ஆர்டர் 40. கிடங்கில் எத்தனை இறங்கியது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? 2 மணிக்குள் தெரிந்தால் இன்றைய பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்."

11.15-க்கு அவர் பார்க்கிறார். பதிவேடு பக்கத்திலேயே இருக்கிறது. 11.20-க்கு "40தான். பில் தப்பு, திருப்பி அனுப்பு" என்று பதில். கேட்டவன் கூட்டத்தில் இருந்தால் என்ன? பதில் அவனுக்காக அங்கே காத்திருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவரோடு வேலை என்றால் இழப்பு மணிக்கணக்கில் நிற்காது, நாள் கணக்குக்குப் போய்விடும். கோடைக்காலத்தில் சிகாகோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சென்னையில் திங்கள் காலை 10 மணிக்கு "ஹாய்" அனுப்பினால் அங்கே ஞாயிறு இரவு 11.30. அந்த அம்மா திங்கள் காலை 8 மணிக்கு எழுந்து வந்து பதில் போடும்போது நமக்கு மாலை 6.30. இவன் பஸ் ஏறிவிட்டான். செவ்வாய்க் காலை கேள்வியை எழுதுகிறான். அதற்குப் பதில் நமக்குச் செவ்வாய் மாலை 6.30-க்கு வருகிறது, புதன் காலையில்தான் பார்க்கிறான். முதல் செய்தியிலேயே கேள்வியும் இருந்திருந்தால் செவ்வாய்க் காலையிலேயே பதில் கையில் இருந்திருக்கும். ஒரே ஒரு "ஹாய்" முழுசாக ஒரு நாளை விழுங்கிவிட்டது.

இதற்கெல்லாம் மருந்து மேல்நாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. நம்மிடமே இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு இன்லேண்ட் லெட்டர் நினைவிருக்கும். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, அதே தாளில் அடுத்த வரியில் "தங்கைக்கு வரன் பார்த்திருக்கிறோம்" என்று விஷயம் வந்துவிடும். "நலம், நலமறிய ஆவல்" என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டுவிட்டு, அவர்களும் நலம் என்று பதில் வந்த பிறகு வரனைப் பற்றி எழுதுவோம் என்று யாராவது காத்திருந்தார்களா? தாளின் நாலு மூலையிலும் நுணுக்கி நுணுக்கி எழுதினோம். எதிராளி முன்னால் இல்லை, பதில் எப்போது வரும் என்று தெரியாது, அதனால் மரியாதையும் விஷயமும் ஒரே உறைக்குள் போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த அலுவலகக் கடிதத்திலும் அப்படித்தான். விடுநர், பெறுநர், ஐயா என்று முறையாக விளித்த உடனே 'பொருள்' என்று ஒரு வரி. பெறுநர் அந்த ஒரு வரியைப் படித்தாலே எதைப் பற்றி என்று தெரிந்துவிடும். "பொருள் எழுதாதவனுக்கு ஒரு மார்க் குறைப்பேன்" என்று நான் மிரட்டியது உங்களில் பலருக்கு மறந்திருக்காது.

சாட் என்பது பார்ப்பதற்குத்தான் பேச்சு போல இருக்கிறது. காத்திருக்கும் விதத்தில் அது கடிதம். கடித முறையை அதற்குப் பயன்படுத்தினால் போதும்.

செய்ய வேண்டியது மூன்று. வணக்கத்தைப் பெயரோடு எழுதுங்கள். கேள்வியை முழுசாக எழுதுங்கள். "ஒரு டவுட்" என்பது கேள்வி இல்லை, அது நீட்டிய "ஹாய்". எப்போதைக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், அவசரமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மூன்றும் ஒரே செய்தியில் போக வேண்டும். "ஹாய்", "சார்", "நேத்து ஃபைல்", "அதுல ஒரு டவுட்" என்று துண்டு துண்டாக அனுப்பினால் நாலு முறை டிங். பலருக்கு இது கைப்பழக்கத்தால் நேர்கிறது. கடிதத்தில் வணக்கத்துக்குப் பிறகு அடுத்த வரிக்குப் போவது போல நினைத்து என்டர் விசையைத் தட்டுகிறார்கள். கணினியில் என்டர் தட்டினால் செய்தி போய்விடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் அடுத்த வரிக்குப் போகும். இந்த ஒன்று தெரியாமலே வெறும் "ஹாய்" அனுப்பியவர்கள் நிறையப் பேர்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேட்க முடியாதே என்பீர்கள். உண்மைதான். சம்பள விஷயம், உடம்பு சரியில்லாதது, இன்னொருவரைப் பற்றிய மனக்கசப்பு, இவற்றை நிரந்தரமாக நிற்கும் எழுத்தில் போட யோசிக்கத்தான் வேண்டும். அப்போதும் வெறும் "ஹாய்" தேவையில்லை. "வணக்கம் மேடம். தனிப்பட்ட விஷயமாக ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும், நாளைக்குள் எப்போது வசதிப்படும்?" என்று கேட்டால், விஷயம் வெளியே வராமலே எதிராளிக்குத் தேவையான அளவு தெரிந்துவிடுகிறது. அதேபோல, தினமும் பேசிக்கொள்ளும் நண்பர் சும்மா "ஹாய்" என்றால் அது சும்மாதான். அதற்கு இந்த விதி எதுவும் வேண்டாம்.

இப்போது அந்தச் சிறுவன் விஷயம். இதில்தான் என் கருத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த இணையப் பக்கம் வந்த பிறகு அவன் என்ன செய்தான் தெரியுமா? கேட்பதையே நிறுத்திவிட்டான். ஒரு சர்வருக்குள் நுழைய அவனுக்கு அனுமதி இல்லை. சீனியர் ஒரு பொத்தானைத் தட்டினால் கிடைத்துவிடும். அதைக் கேட்கப் பயந்துகொண்டு இரண்டு நாள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் வேறொருவர் தற்செயலாகக் கவனித்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். சீனியர் மிச்சம் பிடிக்க நினைத்தது தன்னுடைய ஐந்து நிமிடம். போனது ஒரு பையனின் இரண்டு நாளும், கேட்கும் தைரியமும்.

அந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பது சரியான விஷயம்தான். ஆனால் வணக்கம் சொன்னவன் முகத்துக்கு நேரே ஒரு முகவரியை மட்டும் எறிவது, வாசலில் நின்று மணி அடித்தவனுக்குக் கதவைத் திறக்காமல் 'மணி அடிக்காதே' என்ற பலகையைக் காட்டுவது போல. வெறும் "ஹாய்" எதிராளியைக் காக்க வைக்கிறது என்றால், வெறும் முகவரி எதிராளியைக் கூனிக்குறுக வைக்கிறது. இரண்டிலும் குறைவது ஒன்றேதான்: கூட ஒரு வரி எழுதும் அக்கறை. "வணக்கம்ப்பா. இனிமேல் கேள்வியையும் சேர்த்தே எழுதிவிடு, நான் பார்த்ததும் பதில் சொல்ல வசதியாக இருக்கும். இப்போது என்ன வேண்டும்?" இதை எழுத அரை நிமிடம் போதும். ஒரு தடவை சொன்னால் அந்தப் பையன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். பெங்களூர் மாணவியிடமும் இதைத்தான் சொன்னேன். சின்னவர்கள் அனுப்பும் "ஹாய்"-க்குப் பின்னால் பெரும்பாலும் பயம் இருக்கிறது. கேள்வியை எழுதிவிட்டு அது முட்டாள்தனமான கேள்வியாக இருந்துவிட்டால் என்ற பயம். அதனால்தான் முதலில் "ஹாய்" சொல்லி எதிராளியின் முகத்தைப் பார்க்க முயல்கிறார்கள். முகம் தெரியாத இடத்தில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

இதே தப்பை மேலிருந்து கீழே செய்யும்போது இன்னும் மோசம். மேலதிகாரி மாலை 5.30-க்கு "ஹாய், இருக்கீங்களா?" என்று மட்டும் அனுப்பினால், கீழே இருப்பவருக்கு அன்று இரவுத் தூக்கம் போச்சு. என்ன தப்பு செய்தோம் என்று ஒரு வாரத்தைப் பின்னோக்கிப் புரட்டுவார். கடைசியில் "நாளைக் கூட்டம் எந்த அறையில்?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார்.

உறவினர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு "உடனே கூப்பிடு" என்று மட்டும் அனுப்புகிறீர்கள். அந்தக் காலத்தில் வாசலில் தந்தி என்று குரல் கேட்டாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். தந்தியை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள், நாம் மட்டும் அதைக் கைப்பேசியில் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கிறோம். "எல்லாரும் நல்லா இருக்கோம். ரேஷன் கார்டு விஷயமா ஒண்ணு கேக்கணும், ராத்திரி கூப்பிடு" என்று எழுதுங்கள். அந்தப் பிள்ளை நிம்மதியாக வேலையைப் பார்க்கும்.

கடைசியாக, என் இன்பாக்ஸில் "ஐயா" என்று மட்டும் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு: எழுத்துச் சான்றோ, மகளுக்கு நல்ல தமிழ்ப் பெயரோ, பழைய குரூப் போட்டோவோ, எது வேண்டுமானாலும் அந்த "ஐயா"-வுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மதியம் நான் தூங்கிவிடுவேன், எழுந்ததும் பதில் போட்டுவிடுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், பொருளோடு.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா